இசைப் பகுப்பாய்வு ஆய்வேட்டுக்குச் சுருக்கம் எழுதுவது எப்படி: முடிவிலிருந்து தொடங்குங்கள்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இசை ஆய்வு செய்யும் நம் பிள்ளைகள் ஆய்வேட்டின் சுருக்கத்தைக் கடைசி வாரத்தில்தான் எழுதுகிறார்கள். ஐந்து அத்தியாயம் முடித்த களைப்பில், முதல் அத்தியாயத்தின் முதல் பக்கத்தைச் சுருக்கி மேலே வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் ஆய்வில் அருமையான விஷயம் இருந்தாலும் சுருக்கத்தில் அது தெரிவதில்லை. ஒரு கற்பனை ஆய்வை எடுத்துக்கொண்டு, அதன் சுருக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை இங்கே எழுதிப் பார்ப்போம். ஆய்வு நான் கட்டியது, அதில் வரும் எண்களும் அப்படித்தான். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் இசை விஷயம் உண்மையானது.

ஆய்வு இதுதான். தேவாரப் பதிகங்களில் தக்கேசி என்ற பண்ணில் அமைந்தவற்றை இன்று காம்போதி ராகத்தில் பாடுகிறோம். காம்போதியின் நிஷாதம் கைசிகி நிஷாதம். ஆனால் கச்சேரி மேடையில் காம்போதி பாடுபவர்கள் ‘ம க ஸ நி ப த ஸ’ என்று கீழே இறங்கித் திரும்பும் ஒரு பிடியில் மட்டும் காகலி நிஷாதத்தைத் தொடுவார்கள். ராகத்தின் ஏறுநிரலிலும் இறங்குநிரலிலும் இல்லாத சுரம் அது. அதைக் கேட்டால் காம்போதி என்று உடனே தெரிந்துவிடும். பினாங்குக் கோயில்களில் தேவாரம் பாடுகிறவர்கள் தக்கேசிப் பதிகம் பாடும்போது இந்தப் பிடியைப் பாடுகிறார்களா? நம் மாணவி கேட்ட கேள்வி அவ்வளவுதான்.

அவர் முதலில் எழுதிய சுருக்கம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

“இசை மனித வாழ்வோடு பின்னிப் பிணைந்தது. தமிழரின் தொன்மையான இசை வடிவங்களில் பண்ணிசை முதன்மையானது. மலேசியாவில் தேவாரப் பண்ணிசை பல்லாண்டுகளாகக் கோயில்களில் வளர்க்கப்பட்டு வருகிறது. இவ்வாய்வு பினாங்குக் கோயில்களில் பாடப்படும் தக்கேசிப் பண்ணை ஆராய்கிறது. பண்புசார் முறையும் இசைப் பகுப்பாய்வு முறையும் பயன்படுத்தப்பட்டுள்ளன. பாடுவோரிடையே ஒற்றுமைகளும் வேற்றுமைகளும் இருப்பது கண்டறியப்பட்டது. எதிர்கால ஆய்வாளர்களுக்கு இவ்வாய்வு பெரிதும் பயன்படும்.”

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. நோக்கம், முறை, முடிவு மூன்றும் இருப்பதுபோலவும் தெரிகிறது. ஒரு சோதனை செய்து பாருங்கள். தக்கேசியை எடுத்துவிட்டு இந்தளம் என்று போடுங்கள். பினாங்குக்குப் பதில் ஈப்போ என்று போடுங்கள். மற்ற எல்லா வாக்கியமும் அப்படியே பொருந்துகிறது அல்லவா? எந்தப் பண்ணுக்கும் எந்த ஊருக்கும் பொருந்தும் முடிவு, ஆய்வு தொடங்குவதற்கு முன்பே எழுதக்கூடிய முடிவு. பன்னிரண்டு பேரிடம் ஒலிப்பதிவு செய்து, மாதக்கணக்கில் சுரப்படுத்திய உழைப்பு இதில் எங்கேயும் இல்லை.

முதலில் முடிவு வாக்கியம்

வெள்ளைத் தாளில் சுருக்கம் எழுத உட்காரும்போது முதல் வரியிலிருந்து தொடங்காதீர்கள். முடிவை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். அதை எழுதிய பிறகுதான் மற்றது.

இசைப் பகுப்பாய்வில் முடிவு வாக்கியம் என்று சொல்ல ஒரு தகுதி வேண்டும். உங்கள் ஒலிப்பதிவும் சுரக்குறிப்பும் கையில் கிடைத்தால், வேறொருவர் அதைச் சரிபார்த்து ‘ஆமாம்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்ல முடிய வேண்டும். “பாடுவோர் பண்ணின் இனிமையைத் தம் பாணியில் வெளிப்படுத்தினர்” என்பதை யாராலும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆகவே அது முடிவு ஆகாது. “காகலி நிஷாதம் 21 இடங்களில் மட்டும் வந்தது” என்பதை எண்ணிப் பார்த்து மறுக்கலாம். அதுதான் முடிவு.

நம் மாணவியிடம் ‘என்ன கண்டுபிடித்தீர்கள்?’ என்று கேட்டால் வாயால் அழகாகச் சொல்கிறார்: “கச்சேரிப் பாட்டு கற்றவர்கள் நாலு பேர் அந்தப் பிடியைப் பாடுகிறார்கள், மற்ற எட்டுப் பேரும் பாடவில்லை, அவர்கள் கைசிகியோடே போய்விடுகிறார்கள்.” இதை அப்படியே எழுத்தில் போட வேண்டியதுதான். ஆனால் எழுத உட்கார்ந்ததும் அது ‘ஒற்றுமைகளும் வேற்றுமைகளும்’ ஆகிவிடுகிறது. ஆய்வு மொழி என்றால் பொதுப்படையாக இருக்க வேண்டும் என்று நமக்கு எங்கேயோ பழகிப்போயிருக்கிறது. அதனால் எழுதுவதற்கு முன் வாயால் சொல்லுங்கள். பக்கத்தில் பாட்டு தெரிந்த ஒருவர் இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். சொன்னதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த வாக்கியத்தை இப்போது சரிசெய்வோம். எங்கே வந்தது? மந்திர ஸ்தாயியில், அந்தப் பிடிக்குள் மட்டும். எத்தனை முறை? 21. மொத்தம் எத்தனை நிஷாதங்களில்? 186. காகலி பாடாதவர்கள் அந்த இடத்தில் என்ன பாடினார்கள்? ‘ஸ நி த ஸ’ என்று, கைசிகி நிஷாதத்தோடு. இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு சுரம் வரவில்லை என்று மட்டும் சொன்னால் படிப்பவருக்குப் பாதிதான் கிடைக்கும். அதற்குப் பதிலாக என்ன வந்தது என்பதில்தான் இசை இருக்கிறது.

அப்புறம், எண்களை அளவோடு போடுங்கள். இரண்டு மூன்று எண்கள் முடிவைத் தாங்கும். ஒவ்வொரு பாடகரின் கணக்கும், சதவீதமும், சராசரியும் அத்தியாயத்தில் இருக்கட்டும். பன்னிரண்டு பேர் கொண்ட ஆய்வில் ‘33.3 விழுக்காட்டினர்’ என்று எழுதாதீர்கள். நான்கு பேர் என்றே எழுதுங்கள்.

முடிவிலிருந்து நோக்கத்துக்கு

முடிவு வாக்கியம் கிடைத்ததும் நோக்கம் எழுதுவது சுலபம். இந்த முடிவு எந்தக் கேள்விக்குப் பதில்? அந்தக் கேள்விதான் நோக்கம்.

இங்கே ஒரு சிக்கல் வரும். ஆய்வு முன்மொழிவில் நீங்கள் எழுதிய நோக்கம் வேறாக இருக்கும். “பினாங்கில் தேவாரப் பண்ணிசையின் நிலையை ஆராய்தல்” என்று தொடங்கி, அதன் கீழே நான்கு உபநோக்கங்கள் இருக்கும். அவை எல்லாவற்றையும் சுருக்கத்தில் கொட்டினால் முறைக்கும் முடிவுக்கும் இடம் இருக்காது. நீங்கள் உண்மையில் பதில் சொன்ன கேள்வி எதுவோ அதை மட்டும் எடுங்கள். பதில் சொல்லாத நோக்கம் ஒன்று அத்தியாயம் ஒன்றில் இன்னும் உட்கார்ந்திருந்தால், மேற்பார்வையாளரிடம் பேசி அதை அங்கேயே சரிசெய்ய வேண்டும். சுருக்கத்தில் மட்டும் மறைத்துவிட்டால், தேர்வாளர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி புரியப் பின்னணி கொஞ்சம் வேண்டும். எவ்வளவு? கேள்வியில் வரும் ஒவ்வொரு கலைச்சொல்லும் படிப்பவருக்குப் பிடிபடும் அளவு. இந்த ஆய்வில் படிப்பவருக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். தக்கேசி இன்று காம்போதியில் பாடப்படுகிறது. காகலி நிஷாதம் காம்போதியின் ஏறுநிரல் இறங்குநிரலில் இல்லாத சுரம். அவ்வளவுதான். பண்ணிசையின் தொன்மை, மூவர் வரலாறு, மலேசியாவில் கோயில்கள் வளர்ந்த கதை எதுவும் இந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ள உதவாது.

இந்தச் சின்ன விளக்கம் நம் ஊரில் கூடுதலாகத் தேவை. நம் பல்கலைக்கழகங்களில் ஆய்வேட்டைத் தேர்வு செய்பவர் காமலான் இசையோ மேற்கத்திய இசையோ படித்தவராக இருக்கலாம். தமிழ் படித்து, இசைக் கோட்பாடு அறியாதவராகவும் இருக்கலாம். ‘காகலி’ என்று வெறுமனே எழுதினால் இருவருமே அங்கேயே நின்றுவிடுவார்கள்.

முறை: முடிவை மாற்றக்கூடிய தீர்மானங்கள் மட்டும்

அதிகம் பேர் இடறுவது இங்கேதான், அதனால் இதில் சற்று நிற்கிறேன். ‘இசைப் பகுப்பாய்வு முறை பயன்படுத்தப்பட்டது’ என்று எழுதுவது எதையும் சொல்லவில்லை. எந்தக் கருவி, எந்த மென்பொருள், எத்தனை மணி நேர நேர்காணல் என்று எல்லாவற்றையும் அடுக்கினாலும் இடம் போதாது. எதை வைப்பது, எதை விடுவது?

உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தத் தீர்மானத்தை வேறு மாதிரி எடுத்திருந்தால் என் முடிவு மாறியிருக்குமா? மாறும் என்றால் சுருக்கத்தில் வையுங்கள். மாறாது என்றால் அத்தியாயத்துக்கு அனுப்புங்கள்.

நம் மாணவியின் ஆய்வில் இதைப் பார்ப்போம். எந்த ஒலிப்பதிவுகள் என்பது முடிவை மாற்றும். பன்னிரண்டு பேரும் ஒரே பதிகத்தின் முதல் பாடலைப் பாடினார்கள் என்பதால்தான் ‘அதே இடத்தில்’ என்று ஒப்பிட முடிகிறது. ஆளுக்கொரு பதிகம் பாடியிருந்தால் முடியாது. ஆகவே அது உள்ளே வர வேண்டும். எந்த ஒலிப்பதிவுக் கருவி என்பது முடிவை மாற்றாது, அது வெளியே.

எதை எண்ணினார் என்பது கட்டாயம் வேண்டும். அவர் பாடல் வரிகளை எண்ணவில்லை, சங்கதிகளை எண்ணவில்லை. நிஷாதம் ஒலித்த ஒவ்வொரு இடத்தையும் எண்ணினார். 186 என்ற எண்ணுக்கு இது தெரியாமல் பொருள் இல்லை.

கைசிகியா காகலியா என்று எப்படிப் பிரித்தார்? இதுதான் இந்த ஆய்வின் உயிர்நாடி. ஒரு ஸ்தாயியை 1,200 சென்ட் என்று வைத்தால், சமப்படுத்திய அளவில் கைசிகி நிஷாதம் 1,000 சென்டிலும் காகலி 1,100 சென்டிலும் நிற்கும். பாடும் குரல் அப்படி ஒரே இடத்தில் நிற்காது. கமகத்தோடு வரும் நிஷாதம் இரண்டுக்கும் நடுவில் அசைந்துகொண்டே இருக்கும். அதனால் அவர் அந்தந்த ஸ்தாயியின் சட்ஜத்திலிருந்து அளந்து, 1,050 சென்டை எல்லையாக வைத்தார். எல்லையை மாற்றினால் 21 என்ற எண் மாறலாம். ஆகவே எல்லை உள்ளே வர வேண்டும். எல்லையைக் கொஞ்சம் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்து, முடிவு அப்படியே நிற்கிறதா என்று சோதித்த விவரம் அத்தியாயத்தில் போதும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்தப் பிடி மந்திர ஸ்தாயியில் வருகிறது. கோயிலில் பதிவு செய்த ஒலியில் கீழ்ச் சுரங்கள் மெலிந்து கேட்கும். மணியும் பேச்சும் அதன் மேல் விழும். சுருதி அளக்கும் மென்பொருள் கீழ் ஸ்தாயியை மேல் ஸ்தாயி என்று தவறாகக் காட்டுவதும் உண்டு. காதால் கேட்டுச் சரிபார்த்தாரா என்று தேர்வாளர் நிச்சயம் கேட்பார். இதைச் சுருக்கத்தில் எழுத வேண்டியதில்லை, ஆனால் ‘சுரப்படுத்தி அளந்தேன்’ என்ற இரண்டு சொல்லாவது இருக்க வேண்டும். மென்பொருள் தந்த வரைபடத்தை மட்டும் நம்பவில்லை, காதால் கேட்டு எழுதிய சுரக்குறிப்பும் இருக்கிறது என்பதை அது சொல்லிவிடும்.

ஒன்றாகச் சேர்க்கும்போது

இப்போது துண்டுகள் கையில் இருக்கின்றன. வரிசை வழக்கம்போல நோக்கம், முறை, முடிவு. எழுதிய வரிசை மட்டும்தான் தலைகீழ். நம் மாணவியின் சுருக்கம் இப்படி ஆகிறது:

“தேவாரத்தில் தக்கேசிப் பண்ணில் அமைந்த பதிகங்கள் இன்று காம்போதி இராகத்தில் பாடப்படுகின்றன. காம்போதியின் ஏறுநிரல் இறங்குநிரலில் இல்லாமல் ‘ஸ நி ப த ஸ’ என்ற பிடியில் வரும் காகலி நிஷாதம், கோயிலில் பாடும்போதும் வருகிறதா என்பதே இவ்வாய்வின் கேள்வி. பினாங்குத் தீவிலும் பட்டர்வொர்த்திலும் பாடும் 12 பேர் ஒரே பதிகத்தின் முதல் பாடலைப் பாடியதை ஒலிப்பதிவு செய்து, சுரப்படுத்தி, அதில் வந்த 186 நிஷாதங்களையும் அளந்தேன். அந்தந்த ஸ்தாயியின் சட்ஜத்திலிருந்து 1,050 சென்டுக்கு மேற்பட்டவை காகலி எனக் கொள்ளப்பட்டன. காகலி நிஷாதம் 21 இடங்களில் வந்தது. அத்தனையும் மந்திர ஸ்தாயியில், அந்தப் பிடிக்குள், கர்நாடக இசை முறையாகப் பயின்ற 4 பேரிடம் வந்தன. மற்ற 8 பேர் அதே இடத்தில் கைசிகி நிஷாதத்தோடு ‘ஸ நி த ஸ’ என்று பாடினர். இந்த 12 பேரளவில், காகலி நிஷாதம் கச்சேரி இசைப் பயிற்சியோடு சேர்ந்தே வருகிறது.”

ஏறக்குறைய நூறு சொல். உங்கள் துறையின் கையேடு எவ்வளவு நீளம் அனுமதிக்கிறது என்று பாருங்கள். இடம் அதிகம் இருந்தால் முடிவில் இன்னொரு வாக்கியம் சேர்க்கலாம், முன்னுரையில் சேர்க்க வேண்டாம்.

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். மாணவியின் முதல் வரைவில் அது “கச்சேரிப் பயிற்சியால் காகலி நிஷாதம் தேவாரத்துக்குள் புகுந்தது” என்று இருந்திருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அவருடைய ஆய்வு அதைக் காட்டவில்லை. ஒரே காலத்தில் பாடும் பன்னிரண்டு பேரை வைத்து, எது முன்னால் இருந்தது, எது பின்னால் புகுந்தது என்று சொல்ல முடியாது. அந்த நான்கு பேர் ஒரே ஆசிரியரிடம் தேவாரம் கற்றவர்களாக இருந்தால், காரணம் அந்த ஆசிரியராகவும் இருக்கலாம். ‘சேர்ந்தே வருகிறது’ என்பது தரவு தாங்கும் எல்லை. ‘இந்த 12 பேரளவில்’ என்பதும் அப்படித்தான். ‘மலேசியாவில்’ என்று எழுதியிருந்தால் வைவாவில் முதல் பத்து நிமிடம் அதிலேயே போயிருக்கும்.

‘அளந்தேன்’ என்று தன்மையில் எழுதலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். துறை அனுமதித்தால் எழுதுங்கள். அனுமதிக்காவிட்டால் ‘அளக்கப்பட்டன’ என்று மாற்றிக்கொள்ளலாம், பொருள் கெடாது. முடிவு வாக்கியங்களில் மட்டும் ‘கண்டறியப்பட்டது’, ‘தெரியவந்துள்ளது’ என்று வால் சேர்க்காதீர்கள். ‘வந்தது’, ‘பாடினர்’ என்று இசையே எழுவாயாகவோ பாடகரே எழுவாயாகவோ இருந்தால் வாக்கியம் நேராக நிற்கும், சொல்லும் மிச்சமாகும்.

சமர்ப்பிக்கும் முன்

தமிழில் எழுதிய ஆய்வேடாக இருந்தாலும், இங்கே பொதுவாக மலாயிலும் ஆங்கிலத்திலும் சுருக்கம் கேட்பார்கள். தமிழ்ச் சுருக்கத்தின் வாக்கியங்கள் குட்டையாக இருந்தால் மொழிபெயர்க்கும் நண்பருக்குப் பாதி வேலை குறையும். மொழிபெயர்ப்பு வந்ததும் நீங்களே உட்கார்ந்து மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். இசை தெரியாத ஒருவர் மொழிபெயர்த்தால் ‘பிடி’ என்பது வெறும் ‘பாடல் வரி’ ஆகிவிடும், ‘மந்திர ஸ்தாயி’ விடுபட்டுப் போகும். கேள்வியே அங்கே காணாமல் போய்விடும்.

சுரக்குறிப்பில் ஒரு எச்சரிக்கை. ஸ்தாயியைக் காட்ட எழுத்துக்கு மேலும் கீழும் புள்ளி வைப்போம். நூலகத்தின் இணையப் படிவத்தில் சுருக்கத்தை ஒட்டும்போது அந்தப் புள்ளிகள் உதிர்ந்துவிடலாம். அதனால்தான் மேலே ‘மந்திர ஸ்தாயியில்’ என்று சொல்லாகவே எழுதியிருக்கிறது. படமோ வரைபடமோ மேற்கோளோ சுருக்கத்தில் வேண்டாம்.

கடைசியாக, சுருக்கத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், அது ஆய்வேட்டில் எந்தப் பக்கத்தில் எந்த அட்டவணையில் வருகிறது என்று பென்சிலால் எழுதுங்கள். 12, 186, 1,050, 21, 4, 8. ஒரு எண்ணுக்குப் பக்கம் கிடைக்கவில்லை என்றால் அது ஆய்வில் இல்லாத எண். வைவாவுக்குப் பிறகு ஒரு ஒலிப்பதிவை நீக்கச் சொன்னால் 186 மாறும், ஒருவேளை 21-உம் மாறும். திருத்தத்தை அத்தியாயத்தில் செய்து முடித்த அதே நாளில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்று சுருக்கத்திலும் எண்ணை மாற்றிவிடுங்கள்.